காபி கொட்டினால் யார், களவு போனால் யார்? கேமிங் லேப்டாப் காப்பீட்டின் உள்விவரம்

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் வாங்கி, பில் போடும் இடத்தில் நிற்கிறவரிடம் விற்பனையாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "புரொடெக்‌ஷன் பிளான் சேர்த்துடலாமா சார்? எல்லாமே கவர் ஆகும்." பில்லில் சில ஆயிரம் ரூபாய் கூடும். ஏற்கெனவே லட்சத்தைத் தாண்டிவிட்ட தொகையில் அது பெரிதாகத் தெரியாது. பலரும் தலையசைத்துவிடுவார்கள். தண்ணீர் கொட்டிய பிறகோ, ஹாஸ்டல் அறையிலிருந்து களவு போன பிறகோதான் அந்த 'எல்லாமே' எதுவரை நீண்டது என்பது தெரியவரும்.

கடையிலும் இணையத்திலும் 'பாதுகாப்புத் திட்டம்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் ஒரே பொருள் அல்ல. அவற்றில் சில காப்பீடு. வேறு சில, பழுதுபார்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் கொடுக்கும் சேவை வாக்குறுதி மட்டுமே. எதற்குப் பணம் கிடைக்கும், எந்தக் காகிதம் கேட்பார்கள், மறுத்துவிட்டால் எந்த வாசலில் முறையிடலாம் என்ற மூன்றையும் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

மூன்று வகை வாக்குறுதிகள்

முதலில் வாரண்டி. லேப்டாப்போடு இலவசமாக வரும் இந்த உத்தரவாதம் உற்பத்திக் குறைகளுக்கு மட்டும்தான். விசிறி தானாக நின்றுபோனால், திரையில் தானாகக் கோடு விழுந்தால் மாற்றித் தருவார்கள். கீழே விழுந்து திரை உடைந்தாலும், விசைப்பலகையில் டீ கொட்டினாலும், யாராவது எடுத்துக்கொண்டு போனாலும் வாரண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூடுதல் பணம் கட்டி வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டினாலும் இதே கதைதான். நீள்வது காலம் மட்டுமே, பாதுகாப்பு அல்ல. 'எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்கிறேன், பயமில்லை' என்று இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, லேப்டாப் நிறுவனங்களே விற்கும் விபத்துச் சேதத் திட்டம். டெல், எச்பி, லெனோவோ, ஏசஸ், ஏசர் எல்லாமே இப்படி ஒன்றை வைத்திருக்கின்றன. 'ஆக்ஸிடென்டல் டேமேஜ்' என்ற சொல் அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கும். கீழே விழுதல், திரவம் கொட்டுதல், மின்னழுத்த ஏற்றத்தால் கருகுதல் போன்றவற்றுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரே உதிரிபாகம் மாற்றித் தரும். இவற்றில் பல, ஆண்டுக்கு ஒரு சம்பவம் என்று வரம்பு வைக்கின்றன. பொதுவாகத் திருட்டு இதில் சேராது. லேப்டாப் கையில் இருந்தால்தானே பழுதுபார்க்க முடியும்? கையில் பணமாக எதுவும் வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். லேப்டாப் வாங்கிய சில வாரங்களுக்குள், அல்லது வாரண்டி முடிவதற்குள் இதை வாங்கிவிட வேண்டும் என்ற கெடுவும் இருக்கும்.

மூன்றாவதுதான் காப்பீடு. இதைக் கொடுப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவுபெற்ற ஒரு காப்பீட்டு நிறுவனம். கடைகளும் இணைய விற்பனைத் தளங்களும் விற்கும் திட்டங்களில் சிலவற்றின் பின்னால் இப்படி ஒரு நிறுவனம் இருக்கும். சிலவற்றின் பின்னால் சேவை நிறுவனம் மட்டும் இருக்கும். கண்டுபிடிப்பது கடினமல்ல. கைக்கு வரும் ஆவணத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், 'UIN' என்ற அடையாள எண் ஆகியவை இருந்தால் அது காப்பீடு. இவை எதுவும் இல்லாமல் 'சர்வீஸ் பிளான்', 'கேர் பிளான்' என்று மட்டும் இருந்தால் அது சேவை ஒப்பந்தம். ஆவணமே வராமல் பில்லில் ஒரு வரியாக மட்டும் இருந்தால், பணம் கட்டும் முன்பே விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னொரு மயக்கத்தில் இருப்பதுண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றுவரும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசி, தீ, வெள்ளம், புயல் போன்றவற்றில் வீட்டுப் பொருள் அழிந்தால் இழப்பீடு தரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனால், சாதாரண நாளில் நடக்கும் திருட்டு அதன் அடிப்படைப் பாதுகாப்பில் இல்லை. தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். மேசையில் இருந்த தண்ணீர் கவிழ்ந்து லேப்டாப் கெட்டால் அந்தப் பாலிசி உதவாது. திருட்டுக்குத் தனிப் பிரிவு வேண்டும். வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் கருவிக்கு 'ஆல் ரிஸ்க்' அல்லது 'போர்ட்டபிள் எக்விப்மென்ட்' பிரிவு வேண்டும். பாலிசி எடுக்கும்போதே லேப்டாப்பின் மாடலையும் சீரியல் எண்ணையும் அதில் எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கொட்டிய அரை மணி நேரம்

கேமிங் லேப்டாப்பில் திரவம் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது? விளையாட்டுக்கான கிராபிக்ஸ் சிப், அதன் நினைவகம், பிராசசர் எல்லாமே மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேசைக் கணினியைப் போல கெட்டுப்போன கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. சூடு அதிகம் என்பதால் காற்றோட்டத்துக்கு நிறைய திறப்புகள் வைத்திருப்பார்கள். சில மாடல்கள் விசைப்பலகையின் இடுக்கு வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். காற்று போகும் வழியில் காபியும் போகும். விசைப்பலகைக்கு நேர் கீழே மதர்போர்டு.

தண்ணீரைவிடச் சர்க்கரை போட்ட பானங்கள் மோசம். அதைவிட மோசம், கொட்டிய பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போது செப்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்து முழுவதுமாக அணைக்க வேண்டும். பிறகு லேப்டாப்பைத் திறந்த நிலையில் கவிழ்த்து வைத்து வடிய விட வேண்டும். 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்று மறுபடி பட்டனைத் தொடுவதுதான் பிழைத்திருக்கக்கூடிய பலகையையும் கொல்லும் செயல். அரிசியில் புதைத்து வைப்பதால் பயனில்லை. ஹேர் டிரையரின் சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளலாம்.

இதுவரை சொன்னது கருவிக்கு. கிளெய்முக்கு வேண்டியது வேறு. கவிழ்த்து வைத்த கையோடு, கொட்டிய இடம், டம்ளர், நனைந்த விசைப்பலகை, அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள சீரியல் எண் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றே காப்பீட்டு நிறுவனத்தின் அல்லது திட்டத்தின் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பல திட்டங்களில் 24 மணி அல்லது 48 மணி நேரக் கெடு இருக்கும்.

அதன் பிறகு செய்யக்கூடாத ஒன்று உண்டு. தெரிந்த கடைக்காரரிடம் கொண்டுபோய், 'கொஞ்சம் கழற்றித் துடைச்சுக் குடுங்கண்ணே' என்று கேட்பது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்வார். ஆனால் திருகு முத்திரை உடைந்து, உள்ளே துடைக்கப்பட்ட லேப்டாப் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, விபத்தில் நேர்ந்த சேதம் எது, வெளியாள் கைவைத்ததில் நேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் கிளெய்ம் மறுப்புக்குப் போதுமான காரணமாகிவிடும்.

உண்மையை மாற்றிச் சொல்வதும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். 'நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று ஆன் ஆகவில்லை' என்று சொல்லி வாரண்டியில் சரிசெய்ய முயல்பவர்கள் இருக்கிறார்கள். பலகையைத் திறந்ததும் காய்ந்த கறையும் அரிப்பும் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு 'கொட்டியது உண்மைதான்' என்று காப்பீட்டுக்கு வந்தால், முதலில் சொன்னதும் இப்போது சொல்வதும் மோதும். உதவி எண் அழைப்புகள் பதிவாகின்றன. கிளெய்ம் படிவத்தில் எழுதுவது அந்தப் பதிவோடு பொருந்த வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எப்படிக் கொட்டியது, உடனே என்ன செய்தோம் என்று நான்கைந்து எளிய வாக்கியங்கள் போதும்.

ஒரு கணக்கு

கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். 1,20,000 ரூபாய்க்கு அப்பா வாங்கித் தந்த லேப்டாப். பதினாறாவது மாதத்தில் அதன் மேல் ஒரு டம்ளர் குளிர்பானம் கவிழ்கிறது. சர்வீஸ் சென்டர் தரும் மதிப்பீட்டில் மதர்போர்டு 62,000, விசைப்பலகையோடு சேர்ந்த மேல்மூடி 8,500, கூலி 2,000. மொத்தம் 72,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 13,050 ரூபாய் சேர்ந்து 85,550 ஆகிறது. இந்தத் தொகைகளும் இனி வரும் விகிதங்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு பாலிசியிலும் இவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

அவரிடம் இருப்பது லேப்டாப் நிறுவனத்தின் விபத்துச் சேதத் திட்டம் என்றால் விஷயம் எளிது. அந்த ஆண்டுக்கான ஒரு சம்பவத்தை இதற்குப் பயன்படுத்தி, பலகையும் விசைப்பலகையும் மாற்றித் தருவார்கள். தேய்மானக் கழிவு எதுவும் இல்லாமல், பழைய லேப்டாப்பே வேலை செய்யும் நிலையில் கைக்கு வரும்.

காப்பீடு என்றால் முதலில் பார்ப்பது, பொருளின் இன்றைய மதிப்பு என்ன என்பதை. இரண்டாம் ஆண்டில் விலையில் 75 சதவீதம்தான் மதிப்பு என்று அவருடைய பாலிசி சொன்னால், அது 90,000 ரூபாய். பழுதுச் செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்ளலாம் என்று இன்னொரு விதி. முக்கால் பங்கு 67,500. மதிப்பீடு 85,550. ஆகவே இது 'பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது' என்ற வகைக்குள் வந்துவிடுகிறது. இப்போது கிடைப்பது 90,000. அதில் பாலிசிதாரர் தன் பங்காக ஏற்க வேண்டிய 5 சதவீதம், 4,500 கழியும். கைக்கு வருவது 85,500 ரூபாய். கெட்ட லேப்டாப் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடும்.

அதாவது அதே விலையில் புது லேப்டாப் வாங்க அவர் 34,500 ரூபாய் சொந்தமாகப் போட வேண்டும். விற்பவர் 'முழுப் பணம் கிடைக்கும்' என்று சொல்லியிருந்தாலும், பாலிசியின் மொழியில் முழு இழப்பு என்பது தேய்மானம் போன மதிப்புதான். அதனால் பாலிசி எடுக்கும்போது பிரீமியத் தொகையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரிகள் இரண்டு. ஒன்று, ஆண்டுவாரியான தேய்மானப் பட்டியல். மற்றொன்று, ஒவ்வொரு கிளெய்மிலும் சொந்தமாக ஏற்க வேண்டிய தொகை.

லேப்டாப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகள் பற்றிக் கேட்டுவிட வேண்டும். தகவல் இழப்புக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. தரவை எடுத்துக்கொள்ளவோ அழிக்கவோ எழுத்தில் அனுமதி வாங்காமல் சேமிப்பகத்தைக் கழற்றினால் 'பாகம் குறைகிறது' என்ற பிரச்சினை வரும். பின்னர் சொந்தச் செலவில் கூடுதலாகப் போட்ட ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுக்குத் தனி பில் இல்லையென்றால் அவை கணக்கில் ஏறாது. மவுஸ், ஹெட்செட், பை போன்றவையும் பெரும்பாலும் வெளியேதான்.

பூட்டு உடைந்ததா?

திருட்டுக்கு வருவோம். தமிழில் 'களவு' என்று ஒரே சொல்லில் சொல்வதைக் காப்பீட்டு ஆவணங்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. பூட்டை உடைத்தோ, ஜன்னலைப் பெயர்த்தோ, ஆளை மிரட்டியோ நுழைந்து எடுத்தால் அது ஒன்று. திறந்திருந்த கதவு வழியாக வந்து சத்தமில்லாமல் எடுத்துப் போனால் அது வேறு. 'பர்க்லரி' என்று மட்டும் போட்டிருக்கும் பாலிசி முதல் வகைக்குத்தான் பணம் தரும்.

உச்ச நீதிமன்றம் இதை இருமுறை உறுதிசெய்திருக்கிறது. 2004-ல் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு எதிரான ஹர்சந்த் ராய் வழக்கில், பாலிசியில் பலவந்தமான நுழைவு என்று வரையறுத்திருந்தால் அதைக் காட்டியாக வேண்டும் என்றது. 2016-ல் ஒடிசாவின் தொழில் முதலீட்டுக் கழகம் தன் வசம் எடுத்திருந்த ஆலையில் இயந்திரப் பாகங்கள் களவு போனதாகக் கிளெய்ம் கேட்டபோதும், பலவந்த நுழைவுக்கு அடையாளம் இல்லை என்பதால் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பை ஏற்றது. இரண்டு வழக்கிலும் பிரச்சினை திருட்டு நடந்ததா என்பதல்ல. பாலிசி எந்தத் திருட்டுக்குப் பொறுப்பேற்றிருந்தது என்பதுதான்.

இந்த வரையறை ஹாஸ்டல் மாணவர்களை நேரடியாகத் தொடுகிறது. ஆலைக்கும் குடோனுக்கும் எழுதப்பட்ட அதே வரி அறைக் கதவுக்கும் பொருந்தும். அறைத்தோழர் குளிக்கப் போன நேரத்தில், பூட்டாத அறையிலிருந்து லேப்டாப் போனால் பலவந்த நுழைவு இல்லை. நூலக மேசையிலும் ரயில் இருக்கையிலும் விட்டுச் சென்றால் 'கவனிப்பாரின்றி விட்டது' என்ற விலக்கு வரும். காருக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருந்தால் அதற்கும் விலக்கு இருக்கலாம். எனவே பாலிசி எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி மிகக் குறிப்பானது: 'பூட்டு உடையாமல் போனால் பணம் உண்டா? வீட்டுக்கு வெளியே போனால் உண்டா?' பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எங்கோ வைத்து மறந்து தொலைப்பதும் பொதுவாகத் திருட்டில் சேராது.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

லேப்டாப் களவு போனதாகப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கான பதிவு அது. காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கை. பலரும் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவதால்தான் கிளெய்ம் மாதக்கணக்கில் நிற்கிறது. காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்காகப் பெறும் அறிக்கையும் இதற்கு ஈடாகாது. அது தொலைந்ததைச் சொல்கிறது, திருட்டை அல்ல.

லட்ச ரூபாய் மதிப்புள்ள பொருளின் திருட்டு, காவல்துறை வழக்குப் பதிந்தே ஆக வேண்டிய குற்றம். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைத் தரலாம். மின்னணு வழியில் தந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ரயிலில் போனால் ரயில்வே காவல்துறையிடம் தரலாம்.

புகாரில் மாடல் பெயர் மட்டும் எழுதினால் போதாது, சீரியல் எண் வேண்டும். கைப்பேசிக்கு இருப்பதுபோல் லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ. எண் கிடையாது. களவு போன கைப்பேசியை முடக்க உதவும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் இங்கே பயன்படாது. சீரியல் எண் பில்லிலும் பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் இருக்கும். விண்டோஸ் லேப்டாப் என்றால் பவர்ஷெல்லில் இந்த ஒரு வரியைத் தட்டினாலும் வரும்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

களவு போன பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால், வாங்கிய அன்றே திரையைப் படம் பிடித்து மின்னஞ்சலில் போட்டு வைத்துவிட வேண்டும். பில்லில் உள்ள எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் அப்போதே ஒப்பிட்டுவிடலாம். கடையில் பெட்டி மாறிப்போய் எண் பொருந்தாமல் இருந்தால், வாங்கிய வாரத்தில் திருத்துவது எளிது. கிளெய்ம் நேரத்தில் பெரும்பாடு.

இன்னொன்று, பெயர். அந்த மாணவியின் லேப்டாப் பில் அப்பாவின் பெயரில் இருக்கிறது. பாலிசி அவர் பெயரிலேயே இருந்து, குடும்ப உறுப்பினர் பயன்படுத்தலாம் என்று விதியும் இருந்தால் சிக்கல் இல்லை. பாலிசி மகளின் பெயரிலும் பில் அப்பாவின் பெயரிலும் இருந்தால் கேள்வி எழும். நண்பரின் கிரெடிட் கார்டு தள்ளுபடிக்காக அவர் பெயரில் பில் போட்டிருந்தால் இன்னும் சிக்கல். ஜி.எஸ்.டி. வரவு எடுக்க அப்பாவின் கடைப் பெயரில் வாங்கியிருந்தால் அது வியாபாரச் சொத்து. தனிநபர் பாலிசி அதற்குப் பொறுப்பேற்காமல் போகலாம்.

கிளெய்முக்குப் போகும் கோப்பில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: பாலிசி நகல், லேப்டாப் பில், அடையாள அட்டை, வங்கி விவரம், நிரப்பிய படிவம், எஃப்.ஐ.ஆர். நகல். பூட்டு உடைந்திருந்தால் அதன் படம். ஹாஸ்டலில் நடந்தால் வார்டனுக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். பொருள் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் சான்றையும் சில நிறுவனங்கள் கேட்கும். அதற்கு நாளாகும். பணம் வாங்கிய பிறகு லேப்டாப் கிடைத்தால் அது காப்பீட்டு நிறுவனத்துக்கு உரியது. அதற்கான உறுதிக் கடிதத்திலும் கையெழுத்து வாங்குவார்கள்.

தகவல் சொல்வதில் தாமதம் ஆனாலும் எல்லாம் போய்விட்டது என்று ஒதுங்கிவிடக் கூடாது. உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்க வேண்டாம் என்று 2011 செப்டம்பர் 20 அன்றே ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு டிராக்டர் திருட்டைப் பரிசீலித்தது. காவல்துறையில் அன்றே புகார் கொடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மாதத்துக்கும் மேல் தாமதமாகச் சொல்லியிருந்தார் உரிமையாளர். உடனே எஃப்.ஐ.ஆர். பதிவாகி, திருட்டு உண்மை என்று தெரிந்த பிறகு அந்தத் தாமதத்தைக் காட்டி மறுக்க முடியாது என்றது தீர்ப்பு. வாகன வழக்கு என்றாலும், மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இவை இரண்டும் வலுவான பிடிமானம். ஆனால் காவல்துறைப் புகாரே தாமதமானால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்ற குறிப்போடு கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் சொல்லும் மறுப்பை வைத்து எங்கும் போக முடியாது. இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன வேறுபாடு முழு எடையோடு வருகிறது.

கையில் இருப்பது காப்பீடு என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். தனிநபர் பாலிசி சார்ந்த, 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை அவர் விசாரிக்கிறார்.

சேவை ஒப்பந்தம் என்றால் ஆம்புட்ஸ்மேன் வாசல் திறக்காது. லேப்டாப் நிறுவனத்தின் திட்டமோ, கடையின் 'கேர் பிளானோ' காப்பீடு அல்ல என்பதால் அதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அங்கே இருப்பது நுகர்வோர் ஆணையம். காப்பீட்டு வழக்கையும் அங்கே கொண்டுபோகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். லேப்டாப்பை பெங்களூருவில் இருக்கும் இணைய வியாபாரியிடம் வாங்கியிருந்தாலும் கோவையிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்கு மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். மனுவோடு பில், திட்டத்தின் விதிமுறைத் தாள், சர்வீஸ் சென்டரின் பரிசோதனை அறிக்கை, எழுத்திலான மறுப்பு ஆகிய நான்கையும் இணைக்க வேண்டும். இவற்றில் விதிமுறைத் தாள் மட்டும்தான் பில் போடும் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டியது. திட்டம் கடை மூலமாக வந்திருந்தால், அந்த ஆண்டில் நடப்பிலிருந்த பதிப்பு எது என்று இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடுவது மிகவும் சிரமம்.